ஆண்டு முடிவில் கொடுக்கும் அளவுக் கழிவு: விற்ற காலத்திலேயே அதை விற்பனையிலிருந்து குறைப்பது எப்படி

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மொத்த வியாபாரம் செய்பவர்கள் தங்கள் கடைக்காரர்களுக்கு வருட முடிவில் கொடுக்கும் தொகைக்குப் பல பெயர்கள் உண்டு. சிலர் டார்கெட் கொமிஷன் என்பார்கள், சிலர் வருடக் கழிவு என்பார்கள், சிலர் வெறுமனே கொமிஷன் என்பார்கள். ஒரு வருடத்தில் இத்தனை பைக்கு மேல் எடுத்தால் பை ஒன்றுக்கு இத்தனை ரூபாய் திருப்பித் தருவோம் என்பதுதான் எல்லாவற்றின் உள்ளடக்கமும். இதை அளவுக் கழிவு என்றே இக்கட்டுரையில் அழைக்கிறேன். கழிவு எல்லாப் பைகளுக்கும் பின்னோக்கிப் பொருந்துகிற, கழிவு ஆண்டின் நடுவில் நிதியாண்டு முடிந்துவிடுகிற வகை ஒன்றை மட்டும் எடுத்து, அதன் கணக்கை முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டுகிறேன். பிழைகள் மிக அதிகமாக நடப்பது அந்த இடத்தில்தான்.

கழிவு ஒரு செலவு அல்ல, விலையின் ஒரு பகுதி

பல வருடங்களுக்கு முன்னர் ஒரு சீமெந்து மொத்த வியாபாரிக்கு நான் கணக்கு எழுதியபோது, கழிவைப் பெப்ரவரியில் கிரெடிட் நோட் கொடுக்கும் நாளில் விற்பனைச் செலவாகப் பதிந்தேன். அவரிடம் பை ஒன்றின் கொள்விலை 1,910 ரூபாய், விற்பனை விலை 2,000 ரூபாய். மாதாந்த அறிக்கைகளில் பைக்கு 90 ரூபாய் இலாபம் என்றே வந்தது. ஓகஸ்ட் மாதத்தில் போட்டியைச் சமாளிக்க அவர் பெரிய கடைகளுக்கு மேலும் 45 ரூபாய் விலை குறைத்தார். 90 இல் 45 போனாலும் 45 மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு. உண்மையில் அந்தக் கடைகளுக்கு அவர் வருட முடிவில் 50 ரூபாய் கழிவு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே ஒவ்வொரு பையிலும் 5 ரூபாய் இழந்துகொண்டே விற்றார், அதை அறிந்தது பெப்ரவரியில்தான். அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது என் பதிவு. அந்தக் கடைகளுக்கு விலை ஜனவரி முதல் நாளிலிருந்தே 1,950 ரூபாய்தான், நான் 2,000 என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

நியமமும் இதையே சொல்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15, விலைப்பட்டியலில் எழுதிய தொகையை அப்படியே வருமானமாக எடுக்க அனுமதிக்கவில்லை. பொருளுக்கு ஈடாகக் கடைசியில் நம்மிடம் தங்கும் என்று எதிர்பார்க்கும் தொகையே வருமானம். கழிவு, சலுகை, திருப்பிக் கொடுத்தல் போன்றவற்றால் மாறக்கூடிய பகுதியை மதிப்பிட்டு, விற்ற காலத்திலேயே குறைக்க வேண்டும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தின் 23ஆம் பிரிவும், அளவுக் கழிவைக் கணக்கில் எடுத்த பின்னரே வருமானத்தை அளவிடச் சொல்கிறது. ஆகவே எந்த நியமத்தின் கீழ் கணக்குத் தயாரித்தாலும் கழிவை விற்பனைச் செலவுகளின் கீழ் காட்ட இடமில்லை.

முதலாம் படி: உடன்படிக்கைக் கடிதத்தை வாசித்தல்

கணக்கைத் தொடங்கும் முன்னர் கடைக்காரருக்குக் கொடுத்த கடிதத்தை எடுத்து, ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள். எல்லையைத் தொட்டவுடன் குறைந்த விலை முதலாவது பையிலிருந்து பொருந்துகிறதா, அல்லது எல்லைக்கு மேற்பட்ட பைகளுக்கு மட்டுமா?

முதலாவது வகையில் ஏற்கனவே விற்ற பைகளின் விலையே இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் மதிப்பீடு தேவைப்படுகிறது. இரண்டாவது வகையில் விற்ற பைகளின் விலை முடிந்த விடயம். இனி வாங்கும் பைகளை மலிவாக வாங்கும் உரிமைதான் கடைக்காரருக்குக் கிடைக்கிறது, அதன் கணக்கு முறை வேறு. கடிதத்தில் "மொத்தக் கொள்வனவுக்கும்" என்றிருந்தால் முதலாவது வகை, "மேலதிகக் கொள்வனவுக்கு" என்றிருந்தால் இரண்டாவது வகை. கடிதம் தெளிவாக இல்லையென்றால், சென்ற வருடம் கொடுத்த கிரெடிட் நோட்டில் எத்தனை பைக்குக் கணக்கிட்டார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கடிதத்தில் இல்லாத வாக்குகளையும் கேட்டறிய வேண்டும். 6,000 பை எடுக்க வேண்டிய கடை 5,960 இல் நின்றபோது, "பரவாயில்லை, தருகிறோம்" என்று முதலாளி கொடுத்த வழக்கம் இருந்தால், கடைக்காரர் இந்த வருடமும் அதையே எதிர்பார்ப்பார். நியமம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, வழக்கத்தால் உண்டான நியாயமான எதிர்பார்ப்பையும் பார்க்கிறது. விற்பனைப் பிரதிநிதிகளைத் தனித்தனியே கேளுங்கள். முதலாளிக்கே தெரியாத வாக்குகள் அவர்களிடமிருந்துதான் வெளிவரும்.

எடுத்துக்காட்டு

ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு மொத்த வியாபாரியையும், அவரிடம் சீமெந்து வாங்கும் மல்லாவிக் கடை ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் அமைத்தவை. பை ஒன்றின் விலை 2,000 ரூபாய். கழிவு ஆண்டு ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. கடை வருடத்துக்கு 4,000 பை எடுத்தால் எல்லாப் பைகளுக்கும் 20 ரூபாய், 6,000 பை எடுத்தால் எல்லாப் பைகளுக்கும் 50 ரூபாய். அடுத்த ஜனவரியில் கிரெடிட் நோட் கொடுக்கப்படும். வியாபாரியின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை கடை 1,900 பை எடுத்திருக்கிறது. மார்ச் 31 இல் எவ்வளவு கழிவைக் குறைக்க வேண்டும்?

4,000 ஐ இன்னும் தொடவில்லை, ஆகவே பூச்சியம் என்பதே பலர் முதலில் சொல்லும் விடை. அது தவறு. எல்லையைத் தொட்டதா என்பதல்ல, வருட முடிவில் தொடுமா என்பதே கேள்வி.

இரண்டாம் படி: வருடம் முழுவதற்குமான அளவை மதிப்பிடுதல்

மூன்று மாதத்துக்கு 1,900 என்றால் வருடத்துக்கு 7,600 என்று நான்கால் பெருக்குவது இரண்டாவது தவறு. வன்னியில் கட்டட வேலை வருடம் முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. காலபோக நெல் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகிக் கையில் காசு வரும்போது, மழையும் ஓய்ந்திருக்கும். வீட்டுக்கு அத்திவாரம் போடுவதும் மதில் கட்டுவதும் அப்போதுதான் தொடங்கும். ஒக்ரோபரில் பருவமழை தொடங்கியதும் வேலை படுத்துவிடும். சீமெந்து விற்பனையும் அந்த ஓட்டத்தோடுதான் ஏறி இறங்கும்.

ஆகவே அதே கடையின் சென்ற வருடக் கணக்கை எடுத்துக் காலாண்டுகளாகப் பிரிக்க வேண்டும். இந்தக் கடை சென்ற வருடம் முதல் காலாண்டில் 1,700, அடுத்ததில் 1,500, மூன்றாவதில் 1,600, மழைக் காலாண்டில் 600 என 5,400 பை எடுத்திருந்தது. வருட அளவில் முதல் காலாண்டின் பங்கு 1,700 / 5,400, அதாவது ஏறத்தாழ 31.5 வீதம். இந்த வருட 1,900 ஐ அதே பங்கால் வகுத்தால் ஏறத்தாழ 6,035 வருகிறது. நான்கால் பெருக்கி வந்த 7,600 க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 7,600 ஐ நம்பியிருந்தால் 50 ரூபாய் நிச்சயம் என்று நினைத்திருப்போம். உண்மையில் கடை எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது.

உடைந்தோ கட்டிபட்டோ திரும்பி வந்த பைகளை எண்ணிக்கையிலிருந்து கழித்த பிறகே இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும். மழை மாதங்களில் இது சிறிய எண்ணிக்கையாக இராது.

மூன்றாம் படி: எந்த வீதத்தை எடுப்பது

நியமம் இரண்டு வழிகளைத் தருகிறது. சாத்தியமான ஒவ்வொரு தொகையையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டுவது ஒன்று. நிகழ மிகவும் வாய்ப்புள்ள ஒரே தொகையை எடுப்பது மற்றொன்று. நம் விருப்பத்துக்கு அல்ல, எது உண்மையை நன்றாக முன்னறிவிக்குமோ அதையே எடுக்க வேண்டும். ஒத்த தன்மையுள்ள சிறிய கடைகள் பல இருந்தால் முதலாவது பொருந்தும். சில எல்லையைத் தொடும், சில தொடாது, மொத்தத்தில் சராசரி நிற்கும். மல்லாவிக் கடை போன்ற ஒரு பெரிய கடைக்கு முடிவு 20 அல்லது 50 தான். நடுவில் 35 ரூபாய் என்று ஒருபோதும் கொடுக்கப்போவதில்லை. ஆகவே இங்கே இரண்டாவது வழியே பொருத்தம்.

ஆனால் மதிப்பீடு எல்லைக்கோட்டில் நிற்கும்போது வாய்ப்பைப் பார்ப்பது மட்டும் போதாது. நியமத்தில் ஒரு தடை உண்டு. பின்னர் பெருமளவில் திருப்பி எடுக்க நேராது என்று மிக உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு மட்டுமே வருமானத்தைக் காட்டலாம். 20 ரூபாயை மட்டும் குறைத்துவிட்டு, கடை 6,000 ஐத் தொட்டால், ஏற்கனவே காட்டிய விற்பனையைப் பிற்காலத்தில் குறைக்க நேரும். அந்த ஆபத்து கணிசமாக இருக்கும்வரை 50 ஐயே குறைக்க வேண்டும்.

இங்கே கடைக்காரரின் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாதவர்களின் மதிப்பீடு டிசெம்பரில் தவறிப்போகும். கடை டிசெம்பர் நடுவில் 5,700 பையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே விட்டால் கிடைக்கும் கழிவு 5,700 × 20, அதாவது 114,000 ரூபாய். இன்னும் 300 பை எடுத்தால் 6,000 × 50, அதாவது 300,000 ரூபாய். அறுநூறாயிரம் ரூபாய்க்குச் சீமெந்து வாங்கினால் 186,000 ரூபாய் மேலதிகமாகத் திரும்புகிறது. எந்தக் கடைக்காரரும் இதை விடமாட்டார். களஞ்சியத்தில் இடம் இருந்தால் வாங்கி அடுக்கிவிடுவார். ஆகவே எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் கடையை எல்லையைத் தொட்ட கடையாகவே கருத வேண்டும்.

இதற்கும் ஓர் அளவு உண்டு. சீமெந்து ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. கடையின் களஞ்சியத்தில் தரையிலிருந்து உயர்த்திய பலகை மேல் எத்தனை பை அடுக்கலாம் என்பதைப் பார்த்துவிட்டு வந்தால், டிசெம்பரில் எவ்வளவு தூரம் தாவ முடியும் என்பது தெரியும். நம் மல்லாவிக் கடையில் அது 400 பை.

நான்காம் படி: மார்ச் 31 இல் பதிவு

50 ரூபாய் வீதம், இதுவரை விற்ற 1,900 பைக்கு 95,000 ரூபாய். வருட மதிப்பீடான 6,035 வீதத்தைத் தெரிவு செய்ய மட்டுமே பயன்படும். கழிவை விற்ற பைகளுக்கு மட்டுமே பதிய வேண்டும். முழு வருடக் கழிவையும் மார்ச்சிலேயே பதிந்து, இலாபத்தைத் தேவைக்கு மேல் குறைத்துக் காட்டிய கணக்குகளையும் நான் கண்டிருக்கிறேன்.

பொதுநாளேட்டில் விற்பனைக் கழிவுக் கணக்கு 95,000 வரவு, கழிவுப் பொறுப்புக் கணக்கு 95,000 செலவு. விற்பனைக் கழிவுக் கணக்கு, விற்பனையிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும் கணக்கு. மொத்த விற்பனை 3,800,000 ரூபாய் என்றால் வருமானக் கூற்றில் தோன்றுவது 3,705,000 ரூபாய். கொள்விலை 1,910 ஆக இருந்தால் மொத்த இலாபம் 171,000 அல்ல, 76,000 தான். கழிவுப் பொறுப்பு நடைமுறைப் பொறுப்புகளில் நிற்கும்.

கடைக்காரரின் வருமதிக் கணக்கில் இப்போது கை வைக்க வேண்டாம். அவர் இன்னும் கழிவுக்கு உரித்துடையவர் ஆகவில்லை, கிரெடிட் நோட்டும் இல்லை. பெறுமதி சேர் வரிக் கணக்கையும் தொட வேண்டாம். வரி விலைப்பட்டியலின்படி போகிறது. மதிப்பீடு நம் ஏட்டுக்குள் நடக்கும் விடயம் மட்டுமே.

கடைகள் பல இருக்கும்போது ஒரு தாளில் கடைக்கு ஒரு வரி வைத்தால் போதும். B நிரலில் இதுவரை விற்ற பை, C நிரலில் வருட மதிப்பீடு இருந்தால் D நிரலுக்கான சூத்திரம் இது:

```
=B2*IF(C2>=6000,50,IF(C2>=4000,20,0))
```

எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் கடைகளுக்கு மட்டும் C நிரலில் களஞ்சிய அளவைக் கூட்டி எழுதி, ஏன் கூட்டினீர்கள் என்பதைப் பக்கத்தில் ஒரு வரியில் குறித்து வையுங்கள். கணக்காய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். முந்தைய வருடக் கணக்கே இல்லாத புதிய கடைக்கு, எட்டக்கூடிய மிக உயர்ந்த வீதத்தைக் குறைப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் படி: ஒவ்வொரு அறிக்கை நாளிலும் திரும்பப் பார்த்தல்

ஜூன் 30 இல் வங்கிக்குக் காலாண்டு அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கடை மேலும் 1,300 எடுத்து, மொத்தம் 3,200 இல் நிற்கிறது. சென்ற வருடம் முதல் ஆறு மாதமும் இதே 3,200 தான். ஆகவே மதிப்பீடு 5,400 க்கு இறங்குகிறது. எல்லைக்கு 600 குறைவு. களஞ்சியம் 400 ஐத் தாங்கும். ஓகஸ்ட்டில் ஒரு பொதுமண்டப வேலைக்கு 300 பை போகலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தால் எல்லை கடந்துவிடும். ஆகவே 50 ஐ விட்டு இறங்க முடியாது. இருக்க வேண்டிய பொறுப்பு 3,200 × 50, அதாவது 160,000. ஏற்கனவே 95,000 இருப்பதால் 65,000 கூட்டிப் பதிய வேண்டும்.

செப்டெம்பர் 30 இல் படம் மாறுகிறது. மூன்றாம் காலாண்டில் 1,400 மட்டுமே போயிருக்கிறது, மண்டப வேலை மழைக்குப் பிறகு என்று தள்ளிப்போடப்பட்டுவிட்டது. மொத்தம் 4,600. மழைக் காலாண்டில் சென்ற வருடம்போல 600 போனால் 5,200. எல்லைக்கு 800 குறைவு, களஞ்சியம் அதில் பாதியைத்தான் தாங்கும். இப்போது 20 ரூபாய் என்று உறுதியாகச் சொல்லலாம். இருக்க வேண்டிய பொறுப்பு 4,600 × 20, அதாவது 92,000. ஏட்டில் 160,000 இருக்கிறது. ஆகவே 68,000 ரூபாயைக் கழிவுப் பொறுப்பில் வரவு வைத்து, விற்பனைக் கழிவுக் கணக்கில் செலவு வைக்க வேண்டும்.

இதனால் அந்தக் காலாண்டின் விற்பனை 2,800,000 இலிருந்து 2,868,000 ஆக உயர்ந்து தோன்றும். இதைக் கண்டு பலர் பதறி, முன்னைய நிதியாண்டின் கணக்கைத் திருத்தப் போகிறார்கள். மார்ச் 31 வரை விற்ற 1,900 பைக்கும் 30 ரூபாய் வீதம் 57,000 ரூபாய் இந்தத் தொகைக்குள் வந்திருப்பது உண்மைதான். ஆனாலும் முடிந்த ஆண்டைத் தொடக்கூடாது. மார்ச்சில் கையில் இருந்த தகவலின்படி மதிப்பீடு சரியாகவே இருந்தது, பின்னர் நிலைமை மாறியது. மதிப்பீட்டு மாற்றம் அது நிகழ்ந்த காலத்தின் விற்பனைக்கே போகும். முந்தைய காலத்தில் விற்ற பொருளால் இந்த ஆண்டு வந்த வருமானம் இவ்வளவு என்று குறிப்பில் காட்டினால் சரி. மாறாக, மார்ச்சில் கடிதத்தையே வாசிக்காமல் பூச்சியம் என்று விட்டிருந்தால் அது வழு, தொகை பெரிதானால் முந்தைய ஆண்டைத் திருத்தியே ஆக வேண்டும். அன்று எழுதிய தாள் கோப்பில் இருந்தால் மாற்றத்தையும் வழுவையும் பிரித்துக் காட்டலாம்.

ஆறாம் படி: கிரெடிட் நோட் கொடுக்கும் நாள்

டிசெம்பர் வரை கடை மேலும் 550 எடுத்து 5,150 இல் முடிக்கிறது. கழிவு 103,000. 92,000 ஏற்கனவே இருப்பதால் கடைசிக் காலாண்டில் 11,000 பதிகிறோம். ஜனவரியில் கிரெடிட் நோட் எழுதும்போது கழிவுப் பொறுப்பு 103,000 வரவு, கடைக்காரரின் வருமதிக் கணக்கு 103,000 செலவு. அன்று விற்பனை ஒரு ரூபாயாலும் மாறுவதில்லை. பதிவு செய்த வியாபாரியாயின், பெறுமதி சேர் வரிக்கான சீராக்கம் இந்தக் கிரெடிட் நோட்டோடுதான் வருகிறது.

கிரெடிட் நோட்டுகள் எல்லாம் போன பிறகு கழிவுப் பொறுப்புக் கணக்கில் முடிந்த கழிவு ஆண்டுக்குரிய மீதி பூச்சியமாக இருக்க வேண்டும். மீதி செலவுப் பக்கம் நின்றால், யாருக்கோ கொடுக்க வேண்டியது கொடுபடவில்லை, அல்லது மதிப்பீடு அதிகம். வரவுப் பக்கம் நின்றால், ஏட்டில் இல்லாத ஒரு வாக்கை யாரோ நிறைவேற்றியிருக்கிறார்கள். கடை கடையாகப் பிரித்துப் பார்த்தால் அது எந்தப் பிரதிநிதியின் பகுதி என்பது பெரும்பாலும் உடனே தெரியும். அந்தத் தொகையை, மார்ச் 31 இல் புதிய கழிவு ஆண்டின் முதல் மூன்று மாதத்துக்கு மதிப்பிடும்போது, அதே பகுதிக் கடைகளின் வரிகளில் சேர்த்தே கணக்கிடுங்கள்.